சமமில்லாத பட்டைகள்

எங்கள் பள்ளியில் மின்சாரம் போய் மணி அடிக்காத நாட்களில் யாரும் கவலைப்பட்டதில்லை. ஐந்தாம் வகுப்பு ‘அ’ பிரிவிலிருந்து, “போதும், புத்தகத்தை மூடுங்க!” என்று அந்த வகுப்பு டீச்சரின் குரல் வரும். அதைக் கேட்டதும் மற்ற வகுப்புகளும் புத்தகத்தை மூடிவிடும். பிள்ளைகள் அவருக்கு ஸ்பீக்கர் மிஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவருக்கும் தெரியும். ஒருமுறை வருகைப் பதிவு எடுக்கும்போது யாரோ வாய் தவறி அப்படியே கூப்பிட்டுவிட, “ஸ்பீக்கர் வேலை செய்யுது, சொல்லு” என்றாராம்.

நான் பக்கத்து அறையில், ‘ஆ’ பிரிவில் கணக்கும் ஆங்கிலமும் எடுக்கிறேன். அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். இரண்டு அறைகளுக்கும் நடுவில் இருப்பது சுவர் அல்ல, ஒரு பலகைத் தடுப்பு. அதனால் அவருடைய பாடங்களை ஒரு வருடமாக நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். என் பிள்ளைகள் சில சமயம் அந்தப் பக்கத்துக் கேள்விக்கு இந்தப் பக்கத்திலிருந்து பதில் சொல்லிவிடுவார்கள். அந்தப் பக்கத்திலிருந்து, “சரியான பதில், ஆனா என் வகுப்பு இல்லையே நீ!” என்று வரும். ரெண்டு வகுப்பும் சிரிக்கும்.

அவருடைய பாடங்களில் மற்ற ஆசிரியர்கள் பொறாமைப்பட்டது பின்னப் பாடத்தைப் பார்த்துத்தான். பின்னம் என்றால் பிள்ளைகளுக்கு வழக்கமாக வருவது குழப்பமும் கொட்டாவியும். அவர் வகுப்பில் வருவது சண்டை. கால் மணி நேரத்துக்கு மேல் காது கொடுத்துக் கேட்க முடியாத சண்டை. அது அடங்கும்போது, பிள்ளைகள் தாங்களாகவே ஒரு விதியைக் கண்டுபிடித்திருப்பார்கள். ஒரு பயிற்சி முகாமில் அவர் அதை மற்ற பள்ளி ஆசிரியர்களுக்கு நடத்திக் காட்டினார். அன்றிலிருந்து அவர் கைப்பேசிக்குத் தொடர்ந்து கேள்வி வந்துகொண்டிருந்தது: எப்படிச் செய்தீர்கள், எழுதி அனுப்ப முடியுமா? அவர் பதில் ஒன்றுதான். “எழுதறதுக்கு என்ன இருக்கு? என் வகுப்புக்கு வாங்க, பாருங்க.”

எழுத அவருக்குப் பிடிக்காது. பேசினால் முடிந்துவிடுகிற வேலைக்கு எதற்கு எழுத்து என்று கேட்பார்.

பிறகு ஒருநாள் பாதி வாக்கியத்தில் அவர் குரல் நின்றது. பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் திடீரென்று ஒன்றும் கேட்கவில்லை. என் வகுப்பே தலையைத் திருப்பிப் பார்த்தது. அமைதி என்பது அந்த அறையிலிருந்து வரக்கூடிய சத்தமே அல்ல.

குரல் நாணில் முடிச்சு விழுந்திருக்கிறது என்றார் காது மூக்கு தொண்டை டாக்டர். ஆசிரியர்களுக்கு வருகிற நோய்தானாம். அறுவை சிகிச்சை வேண்டாம், ஆனால் சில வாரம் வாயே திறக்கக் கூடாது. பிறகு மெதுவாகப் பேசப் பழக வேண்டும். கிசுகிசுவென்று பேசலாமா என்று அவர் கணவர் கேட்டிருக்கிறார். அதுவும் கூடாது, அது தொண்டைக்கு இன்னும் கெடுதல் என்றாராம் டாக்டர்.

எங்கள் தலைமையாசிரியை கடுமையான பெண்மணி அல்ல. ஆனால் சொன்னதை மாற்ற மாட்டார். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டே சொன்னார்: “நீங்க நூலகத்துக்குப் போயிடுங்கம்மா. இந்த வருஷம் முழுக்க. உங்க பிள்ளைங்களை ‘ஆ’ பிரிவோட சேர்த்துடறேன். தொண்டை இருந்தாத்தானே டீச்சர்?”

அக்கா தலையை ஆட்டினார். ஆம் என்று அல்ல, இல்லை என்று. கையில் ஒரு சின்ன வெள்ளைப் பலகை வைத்திருந்தார். எழுதி எழுதி அழிக்கிற பலகை. அதில் எழுதிக் காட்டினார்: பின்னம் முடியும்வரை வேறு யாராவது நடத்தட்டும். நடந்தால் வகுப்பு எனக்கு.

தலைமையாசிரியை அதைப் படித்தார். “யார் நடத்துவாங்க? காலியா இருக்கறது ஓவிய சார் ஒருத்தர்தான். அவர் ஒரு வாரம் எடுக்கட்டும். பின்னம் ஒழுங்கா நடந்தா வகுப்பு அப்படியே இருக்கட்டும், நீங்க திரும்பி வரும்போது உங்களுக்கே. நடக்கலைன்னா சேர்த்துடுவேன். அப்புறம் கோபப்படக் கூடாது.”

சேர்த்தால் அந்தப் பிள்ளைகள் என் அறைக்குத்தான் வருவார்கள். ஏற்கெனவே என் அறையில் பெஞ்சுக்கு ஒரு பிள்ளை கூடுதல். ஆனால் அன்று நான் யோசித்தது அதைப் பற்றி அல்ல. அக்கா அந்தப் பலகையை அழிக்காமல் மார்போடு அணைத்துக்கொண்டு படி இறங்கியதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல குரலுள்ள டீச்சர் என்றுதான் எல்லோரும் அவரைப் பாராட்டுவார்கள். குரலை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும் என்று அவரே தன்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

அன்று மாலை அவர் வீட்டுக்குப் போனேன். அவர் கணவர் ஓர் அச்சகத்தில் காகிதம் வெட்டும் இயந்திரத்தில் வேலை பார்க்கிறார். கதவைத் திறந்தவர், “வாம்மா வா. வீடு எப்படி இருக்கு பாத்தியா? கல்யாணமான நாள்லேர்ந்து நான் கேட்டுக்கிட்டிருந்த அமைதி” என்றார். உள்ளிருந்து பலகை வந்தது: டீ போடுங்கள். “எழுத்துலயும் அதே குரல்தான்” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார்.

அக்கா ஓவிய சாருக்காகப் பாடத்தை எழுதி வைத்திருந்தார். வாங்கிப் படித்தேன். அது பாடக்குறிப்பு அல்ல, பேச்சு. பத்தி பிரிக்கவில்லை. “எல்லார் கையிலும் பட்டை கொடுங்க, மடிக்கச் சொல்லுங்க, கடைசி பெஞ்சு மடிக்காது அதைப் பாத்துக்கோங்க, அப்புறம் தூக்கிக் காட்டச் சொல்லுங்க, அப்ப ஆரம்பிக்கும்” என்று மூச்சுவிடாமல் போயிற்று. என்ன ஆரம்பிக்கும் என்று எழுதவில்லை.

“அக்கா, இதை ஓவிய சாருக்கு மட்டும் எழுத வேண்டாம். உங்களை அத்தனை பேர் கேட்டுக்கிட்டே இருக்காங்க. வலைப்பதிவுல போடற மாதிரி எழுதுவோம். முன்னப்பின்ன உங்களைத் தெரியாத ஒரு டீச்சர் எடுத்து, அவங்க வகுப்புக்குத் தகுந்த மாதிரி மாத்தி நடத்தணும். அப்படி எழுதினா ஓவிய சாருக்கும் புரியும்” என்றேன்.

பலகை: எனக்கு பிளாக் கிடையாது.

“இப்ப வந்துடும்.”

டீ ஆறுவதற்குள் வந்துவிட்டது. நான் தட்டச்சு செய்தேன், அவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதி எழுதிக் காட்டினார். அவருக்கு அதிகப் பொறுமை கிடையாது. ஆனால் அன்று இருந்தது. தலைப்பை ‘பின்னங்களின் அழகு’ என்று வைக்கலாமா என்று கேட்டார். தேடுகிற டீச்சர் அதைத் தேட மாட்டார் என்றேன். ‘ஐந்தாம் வகுப்பு: பின்னங்களை ஒப்பிடுதல், காகிதப் பட்டைச் செயல்பாடு’ என்று மாற்றினோம். இந்தப் பாடத்துக்கு முன் பிள்ளைகளுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும், எவ்வளவு நேரம் ஆகும், என்னென்ன பொருள் வேண்டும், படிகள், கடைசியில் பிள்ளைகளுக்குப் புரிந்ததா என்று பார்க்க ஒரு கேள்வி. தரவிறக்கிக்கொள்ள ஒரு தாள். அதை அச்சடிக்க மட்டும் முடிகிற கோப்பாக வைக்காமல் திருத்தவும் முடிகிற கோப்பாக வைத்தோம். இல்லையென்றால் மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்வதில் பொருளில்லை. பழைய வகுப்புப் படங்களில் பிள்ளைகளின் முகம் தெரிந்தவற்றை அவரே தள்ளினார். ஒரு பட்டையும் அதை மடிக்கும் கைகளும் மட்டும் இருந்த இரண்டை எடுத்துக்கொண்டோம். முடிவில் அவர் பலகையில் எழுதியதை அப்படியே போட்டேன்: “யார் வேண்டுமானாலும் எடுங்கள், மாற்றுங்கள், நடத்துங்கள். எங்கிருந்து எடுத்தது என்று ஒரு வரி போடுங்கள். விற்காதீர்கள்.”

ஓவிய சார் அடுத்த நாளே கைப்பேசியில் அதைப் படித்துவிட்டு என்னிடம் வந்தார். வாழ்க்கையில் எதையும் அவர் கோணலாக வைத்ததில்லை. ஆசிரியர் அறையில் அவருடைய செருப்பு மட்டும் தரைக்கல்லின் கோட்டோடு ஒட்டி நிற்கும். “ரொம்பத் தெளிவா இருக்கு மேடம். நான் தயார்” என்றார். கணக்கு நடத்தப் போகிற பயத்தில் ஒரு மாலை முழுவதும் செலவழித்து வண்ணக் காகிதத்தில் பட்டைகள் வெட்டியிருந்தார். ஒரு கவரில் அடுக்கி வைத்திருந்தார். பார்க்கவே ஆசையாக இருந்தது.

வகுப்பு நடந்தது. நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் காது கொடுத்துக்கொண்டிருந்தேன். பட்டை கொடுத்தார். மடித்தார்கள். கடைசி பெஞ்சைக்கூட மறக்காமல் பார்த்துக்கொண்டார். தூக்கிக் காட்டினார்கள்.

“சரி, இப்ப சொல்லுங்க. யாரோட பாதி பெரிசு?”

“எல்லாம் ஒண்ணுதான் சார்.”

காகிதம் சரசரக்கிற சத்தம் மட்டும். பிறகு சாரின் குரல், கொஞ்சம் தயக்கத்தோடு: “நல்லாப் பாருங்க. யாரோடதாவது பெரிசா இருக்கும்.”

“இல்ல சார், எல்லாம் ஒரே அளவுதான். நீங்கதானே வெட்டினீங்க.”

அடுத்த படியில், “சத்தம் வரும், விடுங்கள்” என்று எழுதியிருந்தது. சார் சத்தத்துக்காகக் காத்திருந்தார் என்று பிறகு பிள்ளைகள் சொன்னார்கள். கைப்பேசியைப் பார்ப்பார், வகுப்பைப் பார்ப்பார், மறுபடி கைப்பேசியைப் பார்ப்பார். ஒரு பெண் தும்மினாள். அவ்வளவுதான் வந்த சத்தம். பாடம் சீக்கிரமே முடிந்துவிட்டது. பிள்ளைகள் பட்டைகளில் விசிறி செய்து விசிறிக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியை உள்ளே போனார். வழிகாட்டியின் கடைசியில் இருந்த கேள்வியை அவரே கரும்பலகையில் எழுதினார். அண்ணன் ஒரு ரொட்டியில் பாதி சாப்பிட்டான். தங்கை வேறொரு ரொட்டியில் கால் பங்கு சாப்பிட்டாள். யார் அதிகம் சாப்பிட்டார்கள்? வகுப்பு முழுவதும் ஒரே குரலில், “அண்ணன்!” என்றது. ரொட்டிகள் என்ன அளவு என்று ஒரு பிள்ளைகூடக் கேட்கவில்லை.

தலைமையாசிரியை வெளியே வந்து என்னிடம், “வாரக் கடைசி வரைக்கும் பாக்கறேன்” என்று மட்டும் சொன்னார். பிறகு என் அறைக்குள் எட்டிப் பார்த்து, இன்னும் எத்தனை பெஞ்சு போடலாம் என்று கண்ணாலேயே அளந்துவிட்டுப் போனார்.

பள்ளி விட்டதும் ஓவிய சாரும் நானும் அக்கா வீட்டுக்குப் போனோம். உள்ளே போய் உட்கார்ந்ததும் சார் மிச்சப் பட்டைகள் இருந்த கவரை மேசையில் வைத்தார்.

“நீங்க எழுதினதுல ஒரு எழுத்து விடாம செஞ்சேன் மிஸ். மடிக்கச் சொன்னீங்க, மடிச்சாங்க. கேக்கச் சொன்னீங்க, கேட்டேன். சத்தம் வரும்னு போட்டிருக்கீங்க. எங்கேர்ந்து வரும்? உங்க பாடம் உங்க தொண்டையிலதான் இருக்கு. எனக்கு வராது.”

அக்காவின் முகம் சுருங்கிப் போயிற்று. அவர் எதற்குப் பயந்திருந்தாரோ அதை இவர் வாய்விட்டுச் சொல்லிவிட்டார். பலகையில் எழுதப் போனவர் எழுதாமல் பேனாவை மூடினார்.

அப்போது அவர் கணவர் டீயோடு வந்தார். கவரிலிருந்து சரிந்து கிடந்த பட்டைகளில் சிலவற்றை எடுத்து மேசைமேல் தட்டி ஒன்றாக அடுக்கிப் பார்த்தார். தொழில் பழக்கம். “அடேங்கப்பா! என்ன சார் இது, என் மிஷின்கூட இவ்வளவு சுத்தமா வெட்டாது. ஒண்ணுக்கொண்ணு மயிரிழை வித்தியாசமில்ல!”

ஓவிய சாருக்குச் சற்று ஆறுதலாக இருந்தது போலும். “அளவுகோல் வெச்சு வெட்டினேங்க” என்றார்.

அக்கா அந்த அடுக்கைக் கணவர் கையிலிருந்து வாங்கினார். ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். ஒரு பட்டையை உருவி இன்னொன்றின் மேல் வைத்தார். திருப்பி வைத்தார். பிறகு எழுந்து உள்ளே ஓடினார். பரணில் ஏதோ சரிகிற சத்தம் கேட்டது. தூசியோடு ஒரு பழைய பையைத் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் கவிழ்த்தார்.

அதில் இருந்தவை அவருடைய பட்டைகள். அச்சகத்தில் புத்தகங்களின் ஓரம் வெட்டும்போது விழுகிற கழிவுத் துண்டுகள். அவர் கணவர் வீட்டுக்குக் கொண்டுவருகிறவை. ஒன்று என் முழங்கை நீளம், ஒன்று உள்ளங்கை அளவு. இரண்டு துண்டுகள் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும் என்றால் தேடித்தான் எடுக்க வேண்டும். வருடக்கணக்கில் அவர் அதைத்தான் பிள்ளைகளிடம் கொடுத்துவந்திருக்கிறார். பட்டை என்றால் அவர் மனதில் அதுதான். அதனால் எழுதும்போது ‘காகிதப் பட்டை, ஆளுக்கு ஒன்று’ என்று எழுதிவிட்டார். படித்தவர் ஓவிய சார். அவருக்குப் பட்டை என்றால் அளவுகோல்.

ஒரு நீளத் துண்டையும் ஒரு குட்டைத் துண்டையும் எடுத்து இரண்டையும் பாதியாக மடித்துச் சார் முன்னால் வைத்தார் அக்கா. சார் பார்த்தார். இரண்டும் பாதி. ஆனால் ஒன்று மற்றதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

“ஓ” என்றார் சார். பிறகு, “ஓஹோ! அதுக்குத்தான் சத்தமா!”

பலகை: தப்பு என்னுடையது. பாடமே இதுதான். இதை எழுதவே இல்லை.

“நல்லவேளை சொன்னீங்க” என்றார் சார். “நான் பாட்டுக்கு அடுத்த தடவை இதைவிடச் சுத்தமா வெட்டியிருப்பேன்.”

அக்கா சிரித்தார். சத்தமில்லாத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது. அவர் கணவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். “ஏதாவது திட்டினாக்கூட நல்லா இருக்கும்போல இருக்கு” என்று முணுமுணுத்துவிட்டு, காலிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போனார்.

நாங்கள் பதிவைத் திருத்த உட்கார்ந்தோம். இந்த முறை ஓவிய சாரும் இருந்தார். அவரால் காரணம் தெரியாமல் எதையும் செய்ய முடியாது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. ஒவ்வொரு வரியிலும் நிறுத்தினார்.

“ஏன் ஜோடியா உக்காரணும்?”

பலகை: ஒப்பிட ஆள் வேண்டும்.

“சரி. ஏன் பட்டையில பேர் எழுதணும்?”

பலகை: யாருடையது என்று சண்டை வரும். அது வேண்டாத சண்டை. பாதி பெரிசா சின்னதா என்பது வேண்டிய சண்டை.

“ஏன் மொதல்ல மூணா மடிக்கச் சொல்லக் கூடாது?”

பலகை: மூணாக மடிப்பது கஷ்டம். கை தடுமாறினால் கவனம் கணக்கிலிருந்து கைக்குப் போய்விடும். மூன்றில் ஒன்று வரும்போது கோடு போட்ட தாளைக் கொடுங்கள்.

“அப்ப சமமான பட்டையே வேண்டாமா?”

அக்கா வேகமாகத் தலையாட்டினார். வேண்டும், ஆனால் பிறகு. வெவ்வேறு நீளத்தில் மடித்து, சண்டை போட்டு, ‘முழுசு ஒரே அளவா இருந்தாத்தான் பாதியையும் காலையும் ஒப்பிட முடியும்’ என்று பிள்ளைகள் சொன்ன பிறகுதான் சமமான பட்டைகளை வெளியே எடுக்க வேண்டும். அப்போது மூன்றில் ஒன்று பெரிதா நான்கில் ஒன்று பெரிதா என்று கேட்கலாம். நான்கு மூன்றைவிடப் பெரியது, அதனால் நான்கில் ஒன்றுதான் பெரியது என்று சொல்கிற பிள்ளைக்குக் கையிலேயே பதில் இருக்கும்.

இதையெல்லாம் அவர் மனதில் எத்தனை வருடமாக வைத்திருந்தார் என்று தெரியவில்லை. பேசும்போது ஒருபோதும் சொன்னதில்லை. பேசும்போது தேவைப்பட்டதில்லை. அவரே அங்கே இருந்தார் அல்லவா? பலகை போதாமல் பழைய நாட்காட்டியின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார். அவர் எழுத எழுத நான் படிகளுக்குக் கீழே ‘ஏன்’ என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டே வந்தேன். பிள்ளைகள் என்ன சொல்வார்கள், அதற்கு நாம் என்ன சொல்லலாம், என்ன சொல்லாமல் இருக்க வேண்டும் என்பதும் வந்தது. ‘யார் சரி என்று நீங்கள் தீர்ப்பு சொல்லாதீர்கள்’ என்பதை அவர் அடிக்கோடு போட்டு எழுதினார்.

கடைசியில் பதிவின் மேலேயே இரண்டு கட்டம் போட்டோம். ஒன்றில், மாற்றக் கூடியவை. காகிதத்துக்குப் பதில் நாடா, கயிறு, பழைய செய்தித்தாள், எது கிடைக்கிறதோ அது. பிள்ளைகளின் எண்ணிக்கை, நேரம், கதையில் வருகிற ரொட்டி எல்லாவற்றையும் மாற்றலாம். இன்னொன்றில், மாற்றக் கூடாதது. அதில் ஒரே ஒரு விஷயம். “முதலில் கொடுக்கும் பட்டைகள் வெவ்வேறு நீளத்தில் இருக்க வேண்டும். பார்க்க அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை.” இரண்டாவது வாக்கியம் ஓவிய சாருக்காக என்று அக்கா எழுதிக் காட்டினார். “இருக்கட்டும், எடுக்காதீங்க” என்றார் சார்.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. “அதே பிள்ளைங்களுக்கு மறுபடியும் நடத்தினா எடுபடுமா? ஏற்கெனவே எல்லாப் பாதியும் ஒண்ணுன்னு முடிவு பண்ணிட்டாங்களே.”

அக்கா யோசித்துவிட்டுத் தோளைக் குலுக்கினார். அவருக்கும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை முதல் வகுப்பு. சார் அந்தப் பழைய பையோடு உள்ளே போனார். அவர் மனசாட்சிக்கு அது எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். மருத்துவ விடுப்பில் இருந்த அக்கா, டாக்டரைப் பார்க்கப் போகும் வழியில் இறங்கி, எங்கள் வராந்தாவில் தூணுக்குப் பின்னால் நின்றார். கழுத்தில் துணி சுற்றியிருந்தது. நான் என் பிள்ளைகளுக்கு எழுத்துவேலை கொடுத்துவிட்டு வாசலுக்கு வந்தேன்.

உள்ளே சார் கேட்டார்: “அன்னிக்கு என்ன சொன்னீங்க? பாதின்னா எல்லாம் ஒண்ணுதான், இல்லையா?”

“ஆமா சார்!”

“சரி. மடிங்க. தூக்கிக் காட்டுங்க. யாரோட பாதி பெரிசு?”

காகிதங்கள் சரசரத்தன. பிறகு ஒரு பையன்: “சார், இவளுக்கு மட்டும் பெரிசு குடுத்திருக்கீங்க!”

“பாதின்னா பாதிதான்டா, நீதானே அன்னிக்குச் சொன்ன!” என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

“அது வேற பட்டை! என் பாதியைப் பாரு, எறும்புக்குச் சட்டை தைக்கலாம்!”

“சார், நான் முக்கால் மடிச்சுட்டேன், அப்பவும் அவ பாதி அளவு வரலை! இது அநியாயம் சார்!”

சண்டை கிளம்பிவிட்டது. அன்றைக்கு எல்லாப் பாதியும் ஒன்று என்று உறுதியாகச் சொன்னவர்கள் என்பதால் ஏமாந்த கோபமும் சேர்ந்துகொண்டது. அக்காவின் வகுப்பில்கூட அவ்வளவு சத்தத்தை நான் கேட்டதில்லை. அக்காவின் வாய் தானாகத் திறந்தது. ஏதோ சொல்லப் போனார். உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு தூணில் சாய்ந்துகொண்டார். உள்ளே சார் ஒன்றும் சொல்லவில்லை. தீர்ப்பு சொல்லாதீர்கள் என்று எழுதியிருந்ததே.

தலைமையாசிரியை தன் அறையிலிருந்து வேகமாக வந்தார். “என்ன கலவரம் இங்க?”

குட்டைப் பட்டைக்காரன் பெஞ்சு மேலேயே ஏறிவிட்டான். “மிஸ், நீங்களே சொல்லுங்க. என் முக்கால் இவ பாதியைவிடச் சின்னதா இருக்கு.”

“அதெப்படி? முக்கால் பாதியைவிடப் பெரிசுதானே.”

பையன் தயங்கினான். அவள் பட்டையைப் பார்த்தான், தன் பட்டையைப் பார்த்தான். அவன் மெதுவாகச் சொன்னான்: “எதுல முக்கால், எதுல பாதின்னு கேக்கணும் மிஸ். ரெண்டு பட்டையும் ஒரே அளவா இருந்தாத்தான் நீங்க சொல்றது சரி.”

“அப்ப அன்னிக்கு அண்ணன் தங்கை கணக்கு?”

“அது தப்பு மிஸ்!” என்று நாலைந்து குரல்கள். “ரொட்டி எவ்வளவு பெரிசுன்னு நீங்க சொல்லவே இல்லையே!”

தலைமையாசிரியை சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. வெளியே வந்தபோது தூணுக்குப் பின்னால் அக்காவைப் பார்த்தார். “இந்தக் கலவரத்துக்குக் காரணம் இங்க ஒளிஞ்சுக்கிட்டு நிக்குதா?” என்றார். பிறகு, “நூலகத்துக்கு வேற ஆளைப் பாத்துக்கறேன். நீங்க வகுப்புக்கே வாங்க. ஆனா ஒண்ணு, இதே மாதிரிதான். பேச வேண்டியதை அதுங்க பேசட்டும், நீங்க பேசாதீங்க.”

அக்கா பலகையை எடுத்து எழுதப் பார்த்தார். இரண்டு எழுத்துதான் எழுதினார். அழித்துவிட்டுத் தலைமையாசிரியையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அன்று மாலையே பதிவில் ஒரு வரி சேர்ந்தது. “ஓவிய ஆசிரியரின் வழி: முதல் நாள் சமமான பட்டைகளைக் கொடுத்துவிட்டு, மறுநாள் சமமில்லாதவற்றைக் கொடுக்கலாம். சத்தம் இரட்டிப்பாகும்.” எந்தத் தேதியில் எது மாறியது என்றும் கீழே குறித்தோம், முன்பே எடுத்துவைத்திருந்தவர்கள் தெரிந்துகொள்வதற்காக. தன் தோல்வி ஒரு வழியாக மாறிவிட்டதில் சாருக்கு ஏக பெருமை. ஆசிரியர் அறையில் யார் வந்தாலும் கைப்பேசியை நீட்டினார்.

பதிவுக்குப் பின்னூட்டங்கள் வந்தன. ஒருவர் துணி நாடாவில் செய்திருந்தார். ஒருவர் தன் மொழியில் மாற்றிக்கொண்டு, எங்கிருந்து எடுத்தது என்ற அந்த ஒரு வரியையும் மறக்காமல் போட்டிருந்தார். ஒருவர் பட்டை எதுவும் இல்லாமல் மரத்தடியில் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்தே நடத்தினாராம், ஒரு வரிசை நீளம், ஒரு வரிசை குட்டை. அக்கா ஒவ்வொன்றையும் கணவருக்குப் படிக்கக் கொடுத்தார். அவர் சத்தமாகப் படித்துக் காட்டினார். வீட்டில் அப்போது அவர் குரல்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

அவற்றில் ஒன்று பார்வையற்ற பிள்ளைகளுக்கான பள்ளியில் பணிபுரியும் ஆசிரியை எழுதியது. காகிதத்துக்குப் பதில் கயிறு வைத்துக்கொண்டதாகவும் மடிப்பு விரலுக்கு நன்றாகத் தெரிந்ததாகவும் எழுதியிருந்தார். “ஆனால் உங்கள் மூன்றாவது படி எங்களுக்குப் பொருந்தவில்லை. தூக்கிக் காட்டச் சொல்கிறீர்கள். எங்கள் பிள்ளைகள் யாருக்குக் காட்டுவார்கள்? நாங்கள் பக்கத்தில் இருப்பவர் உள்ளங்கையில் வைக்கச் சொன்னோம். சண்டை நன்றாகவே வந்தது.”

அக்கா அதை இரண்டு முறை படித்தார். பிறகு மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நான் தட்டச்சு செய்ய வந்தபோது கையால் தடுத்தார். ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அவரே அடித்தார். ‘தூக்கிக் காட்டச் சொல்லுங்கள்’ என்பதை அழித்துவிட்டு, ‘பக்கத்தில் இருப்பவர் உள்ளங்கையில் வைக்கச் சொல்லுங்கள்’ என்று எழுதினார்.

சில வாரம் கழித்து அவர் வகுப்புக்குத் திரும்பிய நாளன்று பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. குரல் திரும்பியிருந்தது. ஆனால் பழைய குரலில் கால் பங்குதான். நான் எழுந்து போய் வாசலிலிருந்து பார்த்தேன். கடைசி பெஞ்சு உட்பட எல்லாப் பிள்ளைகளும் அவர் சொல்வதைக் கேட்க உடம்பை முன்னால் சாய்த்திருந்தார்கள். மேசையில் தசமப் பாடத்துக்கான ஏதோ ஒரு புதிய பை கவிழ்ந்து கிடந்தது.

“கையில வைங்க” என்றார் அவர் மெல்ல. பிறகு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, சத்தம் வருவதற்காகக் காத்திருந்தார்.